மாலைக்குள் சிரிக்கும் குழந்தை

தூங்கிவிட்டாள் என்று நினைத்து ஆட்டுவதை நிறுத்தினால் தூளிக்குள்ளிருந்து ஒரு பாதம் மட்டும் வெளியே வந்து காற்றை உதைக்கிறது, மறுபடி கால் கட்டைவிரலில் சுற்றியிருக்கும் கயிற்றை இழுக்க வேண்டியிருக்கிறது, இழுத்துக்கொண்டே மடியில் லேப்டாப்பை வைத்து அடுத்த வாரத்து ஒன்லைனை அடிக்க வேண்டியிருக்கிறது, திங்கள் முதல் வெள்ளி வரை என்ன நடக்கிறது என்று நாளுக்கு நாலு வரி, அவ்வளவுதான், அதை இன்றைக்கே சேனலுக்கு அனுப்பிவிட வேண்டும். திங்களும் செவ்வாயும் எப்படியோ வந்துவிட்டன. வெள்ளிக்கிழமை என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், சேனலில் சீரியல்களைப் பார்த்துக்கொள்ளும் ஷைலஜா மேடத்துக்குத் தெரியும், டீவி முன்னால் உட்காரப்போகிற எல்லாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை குழந்தை சாகும். சாகிற குழந்தையாக நடிக்கப்போவது இந்தத் தூளிக்குள் கிடந்து காற்றை உதைக்கிற என் அமுதினி. காலையில் கம்பெனி வண்டி வரும், லுக் டெஸ்ட், வேஷம் போட்டுப் பார்க்கறது, ஒரு மணி நேர வேலைதான் யாமினி, நீயும் கூடவே இருக்கப்போற, என்ன பயம் என்றார் மேடம், எனக்கு ஒன்றும் பயமில்லை மேடம் என்று சிரித்தேன், போனை வைத்ததும் போய் அவள் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

பயத்துக்குக் காரணம் ஒரு போட்டோ. நான் கல்யாணத்துக்கு முன்னால் உதவி எழுத்தாளராக இருந்த 'ராஜாமணி இல்லம்' சீரியலில், அந்த வீட்டு ஹாலில், பூஜை அலமாரிக்கு மேலே, மாலை போட்டு ஒரு குழந்தைப் படம் தொங்கும். அது யார் என்று கதையில் யாருமே சொன்னதில்லை. சொல்ல ஒன்றும் இல்லை, செட் போட்ட அன்று சுவர் மொட்டையாக இருக்கிறதென்று டைரக்டர் கோதண்டம் சார் கத்தினார், ஆர்ட் டிபார்ட்மெண்ட் பன்னீர் ஓடி வந்து யார்கிட்டயாவது பழைய போட்டோ இருக்கா, யார்கிட்டயாவது இருக்கா என்று கேட்டார், என் போனில் என் முதல் பிறந்தநாள் படம் இருந்தது, ஸ்டூடியோவில் பொம்மை டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டோடு, வாயெல்லாம் ஈறு. பிரிண்ட் போட்டு ஃப்ரேம் மாட்டி, மேலே பிளாஸ்டிக் மாலையையும் போட்டுவிட்டார். பாவி மனுஷா, உயிரோட நிக்கறேன், மாலை போடறீங்களே என்றேன். நீ இங்கிலீஷ் கான்வென்ட்ல படிச்ச பொண்ணு, நீயே இதையெல்லாம் நம்பலாமாம்மா என்றார், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு, யாராவது செத்த மாதிரி நடித்தால், கட் சொன்ன கையோடு அவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அந்தச் சிரிப்பும் பதிவாக வேண்டும், அப்போதுதான் செத்த தோஷம் கழியும், பெரிய பெரிய நடிகர்கள்கூட அதைச் செய்யாமல் மேக்கப்பைக் கலைக்க மாட்டார்கள். படத்துலதான் நீ ஏற்கெனவே சிரிச்சுக்கிட்டிருக்கியே, இதுக்குத் தனியா எதுக்கும்மா என்று பன்னீர் சொன்னார். இப்போது யோசித்தால் அந்தச் சிரிப்பு மாலைக்கு முன்னால் சிரித்தது, பின்னால் சிரித்ததில்லை, வரிசை மாறிவிட்டது, வரிசைதான் முக்கியம் போலிருக்கிறது, எதிலுமே. சீரியல் மூன்று வருஷம் ஓடியது. படம் மூன்று வருஷமும் தொங்கியது. பிறகு எனக்குப் பெண் பிறந்தாள், அவளுக்குப் பல் முளைப்பதற்குள் எல்லாரும் சொல்ல ஆரம்பித்தார்கள், அப்படியே அந்தப் போட்டோடா இது, அச்சு.

கயிறு. இழு. அந்த சீரியலின் உயிரே மாமியார் கனகவல்லிதான், சாவிக்கொத்தும் ஏறிய புருவமும், யார் செத்தாலும் அழாத கனகவல்லி. ஒரே ஒரு தடவை மருமகள் கேட்பாள், நீங்க அழவே மாட்டீங்களா அத்தே என்று. நான் அழுது முடிச்சுட்டேன்டி என்பாள் கனகவல்லி, சொல்லிவிட்டு அரிசியில் கல் பொறுக்கப் போய்விடுவாள். அந்த ஒரு வரிக்கு ஊரே அழுதது. அதற்கு மேல் நாங்கள் எதுவும் சொல்லவில்லை, சொல்லாததால்தான் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு அம்மாவும் தன்னிடம் இருந்த பழைய துக்கத்தை எடுத்து அந்தப் பள்ளத்தில் போட்டு நிரப்பிக்கொண்டாள். சேனலுக்கு ஆசை வந்துவிட்டது. கனகவல்லியோட இளமைக் காலத்தை எடுப்போம், ப்ரீக்வல், யாமினியே எழுதட்டும், அவளுக்குத்தான் அந்த வீட்டோட மூலை முடுக்கெல்லாம் தெரியும். தெரிந்ததுதான் வினை. இப்போது எந்தப் பள்ளத்தைப் பார்த்தாலும் அதில் மண் கொட்டிக்கொண்டிருக்கிறேன், சாவிக்கொத்து எப்படி வந்தது என்று ஒரு வாரம், புருவம் ஏன் ஏறியது என்று ஒரு வாரம், யாரும் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் பதில். அவளைக் கிணற்றில் தள்ளி ஒரு வெள்ளிக்கிழமையை முடித்தோம், பின்னணியில் உறுமி மேளம், கயிறு அறுகிறது, உறைந்த பிம்பம், தொடரும். என் வீட்டுக்காரன் எழில்தான் எடிட்டர், தலையில் அடித்துக்கொண்டான். "நீ எங்க வேணா ஃப்ரீஸ் பண்ணுடி, அவ சாக மாட்டாளே. அறுபது வயசுல சாவிக்கொத்தோட நிக்கறதை மூணு வருஷம் பார்த்தாச்சு. இதுல கிணறு என்ன, எரிமலையில போடு." யூடியூப்பில் கீழே வந்த கமெண்டும் அதேதான், பதட்டப்படாதீங்க மக்களே, பாட்டி பத்திரமா இருப்பாங்க. சரி, அவள் சாக மாட்டாள், அவளைச் சுற்றி வேறு யாராவது சாகலாமே என்று முத்துவேல் என்று ஒரு நல்ல பையனைக் கொண்டுவந்தேன், கனகவல்லியை விரும்புகிறவன், அருமையாக நடித்தான் அந்தப் பையன், ஆனால் முதல் நாளே ஜனங்கள் கேட்டுவிட்டார்கள், இவனைப் பத்திப் பழைய சீரியல்ல யாருமே பேசலையே, அப்போ ஒண்ணு செத்துருவான், இல்ல சிங்கப்பூர் போயிருவான். முத்துவேலை ஒருத்தரும் மனசில் ஏற்றிக்கொள்ளவில்லை. ரயிலில் இறங்கப்போகிறவரிடம் யார் பேர் கேட்கிறார்கள்? ராமேஸ்வரம் கூட்டிப்போகலாம் என்றால் கனகவல்லி பழைய சீரியலில் எங்கேயோ நான் கடலையே பார்த்ததில்லை என்று சொல்லிவைத்திருக்கிறாள். அவளைக் கொஞ்சம் மன்னிக்க வைக்கலாம் என்றால் மன்னிக்காதவள் என்றுதானே அடுத்த கதையே ஆரம்பிக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்கெனவே கட்டிமுடித்த ஒரு சுவர். அவள் ஒரு முடிவு எடுக்கிற மாதிரி எழுதுகிறேன், அது அவள் எடுக்கிற முடிவே இல்லை, வரப்போகிற கதை அவளைப் பின்னாலிருந்து தள்ளுகிறது, அவளும் போகிறாள், அந்த நடையில் ஜீவன் இல்லாதது கேமராவுக்குத் தெரிந்துவிடுகிறது. அடுத்து என்ன என்று ஒரு ஆள் கேட்கவில்லை, இத்தனை வாரத்தில்.

பாதம் உள்ளே போய்விட்டது. மூச்சு கேட்கிறதா? மின்விசிறியை நிறுத்தினால் கேட்கும், நிறுத்தினால் விழித்துக்கொள்வாள், விரலை மூக்கருகே வைத்துப் பார்க்கலாம், அதையும் இன்றைக்கு எத்தனை தடவைதான் செய்வது. சாயங்காலம் அம்மா திண்டுக்கல்லிலிருந்து பேசினாள். "உன் படத்துக்கு மாலை போட்டு மூணு வருஷம் தொங்கவிட்டாங்க, பொறுத்துக்கிட்டேன். இப்ப அந்தப் பச்ச மண்ணையும் கொண்டுபோய் அதே மாலைக்குள்ள நிறுத்தப்போறியாடி?" அம்மா, அது நடிப்பும்மா. "நடிப்புன்னு குழந்தைக்குத் தெரியுமா?" குழந்தைக்கு எதுவும் தெரியாது, அதைத்தானே மேடமும் சொன்னார், யோசனை சொன்னதே அவர்தான், டிஆர்பி விழுந்து கிடக்கிறது, ஜனங்கள் இன்றைக்கும் கேட்கிற ஒரே கேள்வி அந்தப் போட்டோ குழந்தை யார் என்பதுதான், அது கனகவல்லியின் மூத்த பெண் என்று சொல்லிவிடுவோம், அஞ்சு நாள் அந்தக் குழந்தையைக் கொஞ்சுவோம், வெள்ளிக்கிழமை படத்துக்கு மாலை விழட்டும். நான் எதிர்த்துப் பேசியிருக்கலாம். பேச முடியாததற்குக் காரணம் மேடத்துக்குப் பயந்ததல்ல. அது பலிக்கும் என்று எனக்குத் தெரியும். முடிவு தெரிந்துவிட்டால் கதை செத்துவிடும் என்பது பாதிதான் உண்மை, மீதிப் பாதியை நான் ஏழாம் வகுப்பில் பார்த்தேன். வீட்டில் முருகன், பள்ளியில் மாதா, இரண்டு பேருக்கும் நடுவில் ஜடை போட்டுக்கொண்டு வளர்ந்தவள் நான், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் சிஸ்டர் லூர்து இயேசு சிலுவையில் பட்ட பாடுகளை நாடகமாகப் போடுவார், எனக்குக் கூட்டத்தில் நின்று கத்துகிற வேலை. அந்த வருஷம் சிஸ்டர் புதிதாக முன்னால் ஒரு காட்சி சேர்த்தார், தச்சுப் பட்டறை, சின்னப் பையன் இயேசு, அப்பா கேட்ட பலகையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு சிரித்தபடி நடந்து வருகிறான், மாதா வேஷம் போட்ட ஜாஸ்மின் பார்த்துடா கண்ணா, கனமா இருக்கா என்று கேட்கிறாள். இல்லம்மா என்கிறான். அவ்வளவுதான் காட்சி. பெற்றோர் வரிசையில் ஒரு பெரிய விம்மல் எழுந்தது. சிலுவையில் அறையும்போது வராத அழுகை பலகைக்கு வந்தது. முடிவு அத்தனை பேருக்கும் தெரியும், மேடையில் இருந்த அந்த அம்மாவுக்கு மட்டும் தெரியாது, அந்தத் தெரியாமைதான் பலகையைக் கனக்க வைத்தது. பையன் தப்பிப்பானா என்று யாரும் பதறவில்லை, பதற வேண்டிய அவசியமும் இல்லை, தெரிந்துகொண்டு பார்க்கிறோமே என்பதே போதுமாக இருந்தது. என் கிணற்றில் அது இல்லை. கிணற்றில் நான் ஜனங்களுக்குத் தெரிந்ததையே தெரியாத மாதிரி நடிக்கச் சொன்னேன், அவர்கள் மறுத்துவிட்டார்கள். குழந்தை விஷயத்தில் அப்படி இல்லை, அமுதினி பொம்மை டெலிபோனைக் காதில் வைத்து ஹலோ மாதிரி ஒரு சத்தம் போட்டால் போதும், அந்தச் சுவரில் அந்த மாலையை மூன்று வருஷம் பார்த்த ஒவ்வொரு பொம்பளையும் தட்டை வைத்துவிட்டு அழுவாள்.

ஆக பலிக்கும். பலிக்கும் என்பதுதான் பயம். ஏனென்றால் அது இப்போதே என்மேல் பலித்துக்கொண்டிருக்கிறது, மேடம் சொன்ன நாளிலிருந்து என் பெண்ணை நான் ஒரு முன்கதையாகப் பார்க்கிறேன். தவழ்ந்து போய் செருப்பைக் கடித்தால் சிரிப்பு வருவதற்கு முன்னால் கேள்வி வருகிறது, இதை நினைத்துக்கொள்வேனோ, பின்னால் ஒரு நாள் இதைத்தான் நினைத்துக்கொள்வேனோ, என்ன பின்னால், என்ன ஒரு நாள், வாயைக் கழுவு. எழிலிடம் சொன்னேன், கிச்சனில் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "யாமி, ரெண்டு நாள் ஷூட். செத்த சீன்கூட டம்மி பொம்மையை வெச்சு எடுத்துடுவோம். நம்ம பாப்பா கொஞ்சற சீன் மட்டும்தான்." கொஞ்சற சீன்தாண்டா சாவு சீன். "என்ன?" ஒண்ணுமில்ல. "முடிஞ்சதும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வைப்போம், போதுமா?" அவளுக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியுமா, வரிசை தெரியுமா. அவன் கையைத் துடைத்துவிட்டு வந்து என் தலையைத் தொட்டான், கையில் புளித்த மாவு வாசனை, நீயும் தூங்குடி, மூஞ்சி வெளுத்துப் போய்க் கிடக்கு என்றான். தூங்கலாம். வெள்ளிக்கிழமையை எழுதிவிட்டுத் தூங்கலாம். வெள்ளி, காலை, ராஜாமணி இல்லம், ஹால். குழந்தைக்குக் காய்ச்சல். இல்லை. குழந்தை மொட்டை மாடியில். இல்லை, இல்லை. குழந்தை. கர்சர் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் நின்று துடிக்கிறது, கட்டைவிரல் தானாக ஆட்டுகிறது, ஒரே தாளத்தில் இரண்டும். தொட்டிலை ஆட்டுகிற காலும் குழந்தையைக் கொல்கிற கையும் ஒரே உடம்பில் எப்படி இருக்க முடிகிறது என்று நினைத்தேன். அழித்தேன். வெள்ளி, ஹால், சுவரில் படம். படம் இருந்தாக வேண்டும். மாலை இருந்தாக வேண்டும். அந்த இரண்டைத்தான் ஜனங்கள் பார்த்திருக்கிறார்கள், அதை நான் மாற்ற முடியாது, கடலைப் பார்த்ததில்லை என்பதை மாற்ற முடியாத மாதிரி. படம், மாலை, படம், மாலை, கயிறு, இழு.

மாலை போட்ட படம் எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது, திண்டுக்கல்லில், டீவிக்கு மேலே, அதை ஏன் இத்தனை நாள் நினைக்கவில்லை. இரட்டைச் சடை போட்ட ஒரு ஆறு வயசுப் பெண். அம்மாவின் தங்கை, மங்கை சித்தி, செத்துப்போய்ட்டா என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள், எப்படிச் செத்தாள் என்று கேட்டால் அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள், நானே யோசித்து மஞ்சள் காமாலை என்று முடிவு பண்ணி வைத்திருந்தேன், பாவம் ஆறு வயசிலேயே. தாத்தா இறந்த பதினாறாம் நாள், வீடு நிறையச் சொந்தம், வாசலில் ஆட்டோ வந்து நின்று ஒரு குண்டான பொம்பளை இறங்கினாள், கையில் மைசூர் பாக்கு டப்பா, கூடவே மீசை வைத்த ஒரு மாமா. அவள் நேராக உள்ளே வந்தாள், டீவிக்கு மேலே பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு திரும்பி அம்மாவிடம் கேட்டாள். "ஏங்க்கா, பூ வாடிக் கெடக்கே, மாத்தக் கூடாதா?" அம்மா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள், நான் பேய் பேய் என்று கத்திக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன், மங்கை சித்தி கதவுக்கு வெளியே நின்று, அடியே, பேய் மைசூர் பாக்கு வாங்கிட்டு வருமாடி என்றாள். வேறு சாதிப் பையனோடு போனதால் தாத்தா தலை முழுகிவிட்டார், அவளுடைய படங்களையெல்லாம் கிழித்து எரித்தாராம், அந்தச் சின்ன வயசுப் படம் ஒன்றை மட்டும் அம்மா பீரோவுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தாளாம், பிறகு தாத்தா அதையும் கண்டுபிடித்து, சரி, இருக்கட்டும், மாலையோட இருக்கட்டும் என்றாராம். கட்டைவிரல் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. குழந்தைப் படம் என்றால் குழந்தையாகச் செத்தாள் என்று யார் சொன்னது. ஜனங்கள் பார்த்தது படத்தையும் மாலையையும்தான். சாவை யாருமே பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. மூன்று வருஷமாக எல்லாரும் சேர்ந்து நினைத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

வெள்ளி, ஹால். குழந்தை சிரிக்கிறது, கனகவல்லி ஸ்டூடியோக்காரரை அழைத்துப் படம் எடுக்கிறாள், ஜனங்கள் அழட்டும், இதோ வந்துவிட்டது என்று அழட்டும். அடுத்த வாரம் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு அடுத்த வாரமும் ஆகாது. வளர்வாள், பள்ளிக்கூடம் போவாள், ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஜனங்கள் நடுங்குவார்கள், காய்ச்சல் விடும். இருபது வயசில் யாரையோ விரும்பி வாசலைத் தாண்டுவாள், அன்றைக்கு, உயிரோடு இருக்கிற பெண்ணின் படத்துக்கு, கனகவல்லியே தன் கையால் மாலையைப் போடுவாள். நான் அழுது முடிச்சுட்டேன்டி. பழைய சீரியலில் ஒரு ஃப்ரேம் மாற வேண்டாம், அதே சுவர், அதே புருவம், அதே வரி, ஆனால் இனிமேல் அந்த வரியைக் கேட்கிறவர்களுக்கு அது வேறு வரி, மூன்று வருஷமாக இரக்கப்பட்ட பொம்பளையைத் திரும்பிப் பார்த்து, அடிப்பாவி, அவ உயிரோடவா இருந்தா என்று கேட்கப்போகிறார்கள். டைப் அடிக்கப் பொறுமையில்லை, போனை வாய்க்கு அருகில் வைத்து, தூளிக்குக் கேட்காத குரலில் எல்லாவற்றையும் மேடத்துக்குச் சொன்னேன், நடுவில் ஒரு இடத்தில் குரல் உடைந்தது, அப்படியே அனுப்பினேன், கடைசியில், மேடம், குழந்தை சாகிற சீன் இல்லைன்னா மட்டும் காலைல வண்டியை அனுப்புங்க, இல்லன்னா வேற குழந்தை பார்த்துக்கோங்க, வேற ரைட்டரும் என்றும் சேர்த்துவிட்டேன். சொல்லிவிட்டேனா அதை? சொல்லிவிட்டேன். இரண்டு டிக் விழுந்தது. நீலமானது. தூளிக்குள்ளே ஒரு புரளல். மேடம் ஏதோ அடிக்கிறார், நிறுத்துகிறார், அடிக்கிறார். லாஜிக் இடிக்குது என்பார். ஒளிபரப்பு ஸ்லாட் போயிடும் என்பார். தூளித் துணியை விலக்கிப் பார்த்தேன், விழித்துக்கொண்டுதான் கிடந்தாள் கள்ளி, இத்தனை நேரமும், என்னைப் பார்த்ததும் ஈறு தெரியச் சிரித்தாள், கீழே புதிதாக ஒரு வெள்ளை முனை, அரிசி மாதிரி, அந்தப் படத்தில் இருக்கும் எனக்குப் பல் கிடையாது. போன் அதிர்ந்தது. மேடம் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தார்.

"அப்போ அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா?"

திரும்பத் திரும்பப் படித்தேன். இத்தனை வாரத்தில் இந்தக் கதையில் அடுத்து என்ன என்று ஒருவர் கேட்கிற முதல் கேள்வி. கயிற்றைக் காலிலிருந்து அவிழ்த்துவிட்டு, அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் பதில் அடித்தேன்.

"தெரியாது மேடம்."

வாழ்க்கையில் இவ்வளவு நிம்மதியாக ஒரு வார்த்தை அடித்ததில்லை. தோளில் ஈரம், புதுப் பல்லால் என் சட்டையைக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.